ஐந்து பேருக்கு 325 நாள்

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கு ஆபீசில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். யாருக்குப் பிறந்தநாள் வர இன்னும் எத்தனை நாள் என்று எக்செல் காட்ட வேண்டும், கேக் வாங்கத்தான் என்றார் மேனேஜர்.

பிறந்த தேதி செல்லிலிருந்து மாதத்தையும் நாளையும் எடுத்து, இந்த வருடத்தைச் சேர்த்து, அதிலிருந்து இன்றைய தேதியைக் கழித்தேன். ஐந்து பேருக்கு மைனஸ் 40 வந்தது.

“மைனஸ்ல எவனாவது கேக் வெட்டுவானா?” என்று கத்தினார்.

நாள் தாண்டியிருந்தால் அடுத்த வருடத்தை எடுக்கும்படி ஃபார்முலாவை மாற்றினேன். ஐந்து பேருக்கும் 325.

“அஞ்சு பேருக்கும் ஒண்ணா? இது தப்பாணு!”

நாலு தடவை சரிபார்த்தேன். காலண்டரை வைத்துக் கையாலும் எண்ணினேன். எண் சரிதான். ஐந்து செல்லிலும் மே 31 இருந்தது, வருடம்தான் வேறு. எரிச்சலோடு கிடங்கு மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். அவரும் அந்த ஐந்தில் ஒருவர்.

“அது ஸ்கூல்ல சேர்க்கும்போ ஹெட்மாஸ்டர் எழுதினது மோளே. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போ அஞ்சு வயசு ஆகியிருக்கணுமில்லே? நிஜத் தேதி ஆருக்குத் தெரியும்?”

திரும்பி வந்து மேனேஜரிடம் சொன்னேன். ஐந்தில் இன்னொருவர் அவர்தான். தன் வரிசையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

“என்னோடது சரியாணு. பாக்கி நாலையும் மாத்து.”