முப்பத்திரண்டு சம்ஜோ

நான். என் மனைவி. அவள் தம்பி. பதினொன்றாவது படிக்கும் என் மகள். அவ்வளவுதான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், மயூர் விஹார் பக்கத்தில் எங்கள் ஒற்றை அறையில். வெளியில் ஹோலியில் மிஞ்சிய கலரைப் பிள்ளைகள் வீசிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு என் வேலையைப் பற்றி. எல்லாரும் பேசினார்கள். நான் கேட்டேன்.

நான் ஏசி மெக்கானிக். எட்டாவது வரைக்கும் படித்தேன். கரோல் பாக்கில் ஒரே கடையில் பத்தொன்பது வருஷம். முதலாளியின் மகன்கள் அங்கே மொபைல் கடை வைக்கப்போகிறார்கள். மாசக் கடைசியோடு கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். சீசன் தொடங்கும் நேரம் என்பதால் இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒன்று குர்காவ்ன். ஒன்று ஓக்லா.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஸ்ப்ளிட் ஏசியின் வெளி மிஷின் எப்போதும் சுவருக்கு வெளியே இருக்கும். நாலாவது மாடி, அஞ்சாவது மாடி. இடுப்பில் கயிறு கட்டி, ஜன்னல் வழியாக இறங்கி, ஒரு கால் பிராக்கெட்டில், ஒரு கால் காற்றில். வலது முட்டி போன வருஷமே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஐம்பது வயதிலும் இப்படித் தொங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை.

"மாமா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் மச்சான். குர்காவ்ன் வேலையைக் கொண்டுவந்தவன் அவன்தான். "முப்பத்திரண்டாயிரம். பெரிய ஆபீஸ் கட்டடம். சில்லர் பிளாண்ட். கீழ பேஸ்மெண்ட்ல நாற்காலில உக்காந்து வேலை. ஓக்லாக்காரன் எவ்ளோ தரான்?"

"இருபத்தி மூணு."

"ஒம்பதாயிரம் வித்தியாசம். முடிஞ்சுபோச்சு. அக்கா, டீ போடு."

"ஒன்பதாயிரத்துக்கு நீ டீ போடு" என்றாள் என் மனைவி.

மகள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். இரண்டு வேலைக்கு இரண்டு வரிசை. மேலே நாலு தலைப்பு. சம்பளம், கத்துக்கறது, பாஸ் எப்படி, அப்புறம் என்ன. தமிழில் பேசுவாள், எழுத வராது. இந்தியில் எழுதினாள்.

"ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க் போடணும் அப்பா. டோட்டல் பண்ணிப் பாக்கலாம்."

"அச்சா, போடு" என்றான் மச்சான். "சம்பளம், குர்காவ்ன் பத்து. கத்துக்கறது, மாமாவுக்கு இனிமே கத்துக்க என்ன இருக்கு? ரெண்டுக்கும் அஞ்சு போடு. பாஸ், எல்லா பாஸும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் அஞ்சு. அப்புறம் என்ன, அது எவனுக்குத் தெரியும்? அந்தக் கட்டத்தை அடிச்சிரு."

அவள் அடிக்கவில்லை. ஆனால் காலியாக விட்டாள். குர்காவ்ன் ஜெயித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் வேலைக்கு, பார்க்காத இடத்துக்கு, டீ குடித்துக்கொண்டே மார்க் போட்டார்கள்.

"நேர்ல பாத்துட்டு வரேன்" என்றேன்.

"சீக்கிரம் மாமா. ஜல்தி. சீட்டு போயிரும்."

திங்கட்கிழமை குர்காவ்ன் போனேன். இரண்டு மெட்ரோ, ஒரு ஷேர் ஆட்டோ. ஒரு மணி நாற்பது நிமிஷம்.

பேஸ்மெண்டில் மூன்று பெரிய சில்லர். நல்ல மிஷின். கட்டடம் முழுக்க இங்கிருந்துதான் குளிர்ந்த தண்ணீர் மேலே போகிறது. வேலை இது: மணிக்கு ஒரு தடவை தண்ணீர் சூடு, பிரஷர், ஆம்பியர் எல்லாம் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். அங்கே ஒரு ஆபரேட்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"மிஷின் நின்னா என்ன செய்வீங்க?" என்று இந்தியில் கேட்டேன்.

"கம்பெனிக்குப் போன் பண்ணுவோம். அவங்க ஆள் வந்து திறப்பான். நாம தொடக் கூடாது. டார்ச் பிடிக்கலாம்."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

பதினாலு வருஷமாக டார்ச் பிடிக்கிறார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேசையில் அன்றைய தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அப்போது மணி பதினொன்று. தாளில் இரண்டு மணி வரைக்கும் எழுதியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஏழு டிகிரி. ஒரு மணிக்கு ஏழு டிகிரி. வராத மணிக்கெல்லாம் ஏழு டிகிரி. சுவரில் இருந்த மீட்டர் ஒன்பது காட்டியது.

மேனேஜர் வந்தார். நல்ல சட்டை. தாளைக் காட்டினேன்.

"ரீடிங் மாறவா போகுது? சாப்பாட்டு நேரத்துல அலைய வேண்டாமேன்னு முன்னாடியே எழுதிடச் சொல்லுவேன்" என்றார். ஆபரேட்டர் தானாக எழுதியதல்ல. இவர் எழுதச் சொன்னது. நாளைக்கு மிஷின் வெடித்தால் கையெழுத்து யாருடையது? ஆபரேட்டருடையது.

சம்பளம் கேட்டேன். "பத்தீஸ் சம்ஜோ" என்றார். முப்பத்திரண்டு என்று வைத்துக்கொள் என்று அர்த்தம். டெல்லியில் ஒருவர் 'சம்ஜோ' என்றால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாடகை ஐயாயிரம் சம்ஜோ என்பான், கரண்ட் பில் தனியாக வரும். மச்சான் போனில் முப்பத்திரண்டை மட்டும் கேட்டிருக்கிறான். சம்ஜோவை விட்டுவிட்டான்.

"எழுத்துல குடுங்க" என்றேன். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஓக்லா. அது விஆர்எஃப் போடும் டீலர். மொட்டை மாடியில் ஒரு பெரிய மிஷின், அதிலிருந்து முப்பது நாற்பது அறைக்குக் குழாய். சுவரில் தொங்க வேண்டியதில்லை. ஆனால் கோளாறு வந்தால் லேப்டாப்பை மாட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு லேப்டாப் தெரியாது.

மேனேஜர் ஒரு மேடம். முப்பது வயது இருக்கும். ஆபீசில் பேசவில்லை. நேரே சைட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரு ஆஸ்பத்திரி மாடி. குழாய்க்குள் நைட்ரஜன் அடைத்து ஒரு நாள் விட்டிருந்தார்கள். ஒழுக்கு இருந்தால் பிரஷர் இறங்கும். முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அங்கே இருந்த மெக்கானிக் ஒருத்தர் ஒழுகுது, எல்லா ஜாயிண்டையும் திறக்கணும் என்றார்.

"இல்லை" என்றேன். "நேத்து மதியம் வெயில்ல அடைச்சிருக்கீங்க. இப்ப காலைக் குளிர். குளிர்ல பிரஷர் தானா கொஞ்சம் இறங்கும்."

மேடம் என்னைப் பார்த்தார். "ஒரு டிகிரிக்கு எவ்வளவு இறங்கும்?"

"தெரியாது. பாத்திருக்கேன், கணக்கு தெரியாது."

"முஜே பீ யாத் நஹி. தேக்தே ஹைன்" என்றார். எனக்கும் ஞாபகம் இல்லை, பார்க்கலாம் என்று. போனில் கையேட்டைத் திறந்தார். ஒரு டிகிரிக்கு பாயிண்ட் ஒன்று கிலோ பிரஷர் இறங்கும். நேற்றைக்கும் இன்றைக்கும் நாலு டிகிரி வித்தியாசம். முள்ளும் பாயிண்ட் நாலுதான் இறங்கியிருந்தது. ஒழுக்கு இல்லை. யாரும் எதையும் திறக்கவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் தனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் மேலதிகாரி அவர்.

"சம்பளம் இருபத்தி மூணு. அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். "பிஎஃப் ஆயிரத்தெண்ணூறு பிடிப்போம். கையில இருபத்தோராயிரத்து இருநூறு. மூணு மாசம் என்கூட வரணும். லேப்டாப் நான் சொல்லித் தரேன். அப்புறம் தனியா சைட் தருவேன். ஒரு வருஷம் தனியா செஞ்சா சூப்பர்வைசர் பதவிக்கு உங்க பேரை எழுதுவேன்." சம்ஜோ இல்லை.

புதன்கிழமை குர்காவ்ன் தாள் வந்தது. இங்கிலீஷ். மகள் படித்தாள். முப்பத்திரண்டு மேலே பெரிதாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் பிடித்தங்கள். கம்பெனி போடும் பிஎஃப் அதற்குள்ளேயே. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் போனஸ் மாசம் மாசம் பிரித்து அதற்குள்ளே. இன்சூரன்ஸ் அதற்குள்ளே. கிராஜுவிட்டியும் அதற்குள்ளே.

"கிராஜுவிட்டின்னா வருஷக்கணக்கா இருந்தாத்தான் வரும் அப்பா. இதுல பதினொரு மாச கான்ட்ராக்ட்னு போட்டிருக்கு. எப்பவுமே வராது. ஆனா உங்க சம்பளம்னு எண்ணியிருக்காங்க." அவள் குரல் உயர்ந்தது. "சீட்டிங்!"

கையில் வருவது இருபத்தையாயிரத்து எழுநூறு. குர்காவ்ன் போகவர நாளுக்கு நூற்றறுபது. ஓக்லாவுக்கு பெட்ரோல் அறுபது. மாசத்துக்கு இருபத்தாறு நாள் என்று கழித்தோம். ஒன்பதாயிரம் வித்தியாசம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆனது.

மச்சானுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"அப்பவும் குர்காவ்ன்தானே ஜாஸ்தி மாமா?" என்றான்.

அதுதான் எரிச்சல். அவன் சொன்னது சரி. குர்காவ்ன்தான் ஜாஸ்தி. எங்கள் வீட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சின்னக் காசு இல்லை. மகளுடைய டியூஷன் அவ்வளவுதான்.

"அந்த ஆபரேட்டர் பதினாலு வருஷமா டார்ச் பிடிக்கிறார்டா" என்றேன்.

"சம்பளம் வாங்கிட்டுத்தானே பிடிக்கிறார்? நீங்க என்ன, மேடம் சிரிச்சுப் பேசிச்சா?"

போனை வைத்தேன்.

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "குர்காவ்ன்ல வேலை போச்சுன்னா, அடுத்தவன்கிட்ட போய் என்ன தெரியும்னு சொல்லுவீங்க?"

ரீடிங் எழுதத் தெரியும் என்று சொல்லலாம். அதையும் பொய்யாக எழுதத் தெரியும் என்று.

மகளிடம் நோட்டை வாங்கி, காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் நானே எழுதினேன். ஓக்லா பத்து. குர்காவ்ன் பூஜ்யம். டோட்டல் போடவில்லை. டியூஷனை நிறுத்த மாட்டேன், நான் ஒரு வேளை டீயை நிறுத்துகிறேன் என்றேன். "ஒரு டீல டியூஷன் வராது" என்றாள் மனைவி. அவள் ஒரு வீட்டில் கூடுதலாகச் சமையலுக்குப் போனாள். அதை நான் கேட்கவில்லை. அவளாகப் போனாள்.

ஓக்லாவில் சேர்ந்தேன். மேடம் சொன்னபடி செய்தார். லேப்டாப்பில் எந்த அறை மிஷின் மாடி மிஷினோடு பேசவில்லை என்று பார்க்க, எர்ரர் கோடு படிக்க, கேஸ் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று குழாய் நீளம் வைத்துக் கணக்குப் போட, எல்லாம் சொல்லித் தந்தார். இங்கிலீஷ் வார்த்தைகளை மகளால் தமிழ் எழுத்தில் எழுதித் தர முடியாது. அவள் படித்துச் சொல்ல, நானே எழுதிக்கொண்டேன். மூன்று மாசத்தில் தனி சைட் வந்தது.

ஏழாவது மாசம் மேடம் புனேவுக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். பாஸைப் பார்த்துச் சேர்ந்தேன், பாஸ் போய்விட்டார். போகும் முன் எனக்காக எழுதி வைத்த சூப்பர்வைசர் தாள் யார் மேசையிலோ நிற்கிறது.

மச்சான் வந்தான். "என்ன மாமா, மேடத்துக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

மகள்தான் திருப்பிக் கேட்டாள். "மாமா, நீங்க சம்ஜோவுக்கு எத்தனை போட்டீங்க?"

புது மேனேஜருக்கு வேலை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அடுத்த சீசன் வந்ததும் ஸ்ப்ளிட் வேலையும் எடுத்து, நீ பழைய ஸ்ப்ளிட் ஆள்தானே என்று மறுபடி சுவருக்கு அனுப்பினார். அடுக்குமாடி, ஆறாவது மாடி. போனேன். அதே நாள் ஒரு ஹோட்டலில் முப்பது அறை நின்றது. யாருக்கும் கோடு படிக்க வரவில்லை. என்னை இறக்கிக் கூட்டிப்போனார்கள். இரண்டாவது மாடியில் ஒரு கம்பி கழன்றிருந்தது. பத்து நிமிஷ வேலை.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றேன். "என்னை சுவருக்கு அனுப்பினா, இப்படி மிஷின் நிக்கிற அன்னைக்கு நான் கயித்துல இருப்பேன்" என்றேன். அவர் முறைத்தார். பிறகு அனுப்புவதைக் குறைத்தார். நிறுத்தவில்லை.

கடையில் இருந்தபோது ஒரு சீசனுக்கு முந்நூறு தடவைக்குக் குறையாமல் சுவரில் தொங்குவேன். இந்த சீசன் முடிந்து வேலைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சுவரில் தொங்கியது, முப்பத்தொன்று.