கை தெரிந்த நான்கு விநாடி

செவ்வாய்க்கிழமை காலை போட்ட வீடியோவுக்கு முதலில் வந்த செய்தியை நான் சரியாக வாசிக்கவில்லை. ‘மாஷா அல்லாஹ், நல்ல சிவப்பாப் புடிச்சிரிக்கி’ என்றிருந்தது. நன்றி சொல்லி ஒரு பூவும் அனுப்பினேன். அந்தச் சாரியில் சிவப்பே இல்லை என்பது அரை மணித்தியாலம் கழித்துத்தான் உறைத்தது.

கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் என் ராத்தா, மூத்த சகோதரி, சாரி விற்று வந்தாள். கடை இல்லை. கொழும்பு மொத்த வியாபாரியிடம் நிறத்துக்கு ஒன்றாக மாதிரி எடுப்போம், அதை வீடியோவாகப் போடுவோம், வரும் ஓடர்களைச் சேர்த்து வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகை நேரத்தோடு அவருக்கு அனுப்புவோம். வீடியோ எடுப்பதும் தொகுப்பதும் என் வேலை. அதைத்தான் படித்திருந்தேன். ராத்தாவின் முகம் ஒருநாளும் வந்ததில்லை. கையும் குரலும் மட்டும் வரும். அந்தக் கையைப் பார்த்தே ஊரில் பாதிப் பேர் ஓடர் போட்டார்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று கிழமையில் ராத்தாவின் கணவர், மச்சான், நெஞ்சு நோவில் மௌத்தானார். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் ராத்தா உட்கார்ந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, வாசனை இல்லை, மருதோன்றி இல்லை. அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரத்தை விட்டால் பள்ளிக்கூடச் செலவுக்கு வேறு வழியில்லை. மச்சானின் உம்மா, நாங்கள் மாமி என்று கூப்பிடுபவர், இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவர் வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

“விக்கட்டும். ஹலாலான வேலைதானே. ஆனா அவட கையும் வரக்கூடா, குரலும் வரக்கூடா. என்ட மகன்ட பேரில ஒரு கதை வந்துதெண்டா, அண்டைக்கே நிப்பாட்டிப் போடுவன்.”

அதற்குப் பிறகு கையும் குரலும் என்னுடையவை.

ஒவ்வொரு வீடியோவுக்கும் நான் ஒரு பட்டியல் எழுதுவேன். சாரி முழுதாகத் தொங்கும் காட்சி ஐந்து விநாடி. கரை, மிகக் கிட்ட. தலைப்பு. பின்பக்கம், நூல் எப்படி முடிந்திருக்கிறது என்று. பிறகு துணிக்கு உள்ளே கையை விட்டு விரித்து வெளியே எடுப்பது, நான்கு விநாடி. இங்கே முதலாவது கேள்வியே ‘உள்ளுக்குத் தெரியுமா’ என்பதுதான்; ஜோர்ஜெட் என்றால் கட்டாயம் கேட்பார்கள். கடைசியில் எழுத்து: ‘வியாழன் அஸர் பாங்குக்கு முன் வரும் ஓடர் மட்டும்.’

நிறத்தில் நான் விடாப்பிடி. போன் கமரா மயில்கழுத்தை வெறும் நீலமாக்கிவிடும். அதனால் பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நிறம் மாறாதபடி பூட்டிவிட்டுத்தான் எடுப்பேன். அப்படியும் ‘நேரில் ஈரப்பலா இலையை விடக் கொஞ்சம் கருக்கல்’ என்று எழுதிப் போடுவேன்.

அந்தக் கிழமை ஈரப்பலாப் பச்சை ஜோர்ஜெட். நாலு காட்சி எடுத்து முடிய வானம் இருட்டிவிட்டது. கைக் காட்சியில் என் தோலே பச்சையாகத் தெரிந்தது. கோப்பில் தேடினேன். நோன்புப் பெருநாளைக்கு முதல் நாள் எடுத்த அதே ஜோர்ஜெட், அதே பச்சை இருந்தது. வெட்டி ஒட்டினேன். நிறத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இம்மியும் பிசகவில்லை. கரையையும் பார்த்தேன். சரி.

கையை நான் பார்க்கவில்லை.

துணியிலிருந்து வெளியே வந்தது ராத்தாவின் கை. பெருநாளைக்குப் போட்ட மருதோன்றி விரல் நுனிகளில் தொப்பி போட்டதுபோல் சிவந்திருந்தது.

உடனே அழித்தேன். அதற்குள் அது வட்ஸ்அப்பில் கைமாறிவிட்டது. புதன்கிழமை முழுவதும் எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், ஓடர் வரவில்லை. வந்திருந்த ஒன்பதில் ஆறு பேர் ‘வேணாம் தங்கச்சி, பிறகு பாப்பம்’ என்று எழுதினார்கள். யாரும் காரணம் கேட்கவோ சொல்லவோ இல்லை. ஒருத்தி மட்டும் ‘இது ஆருட கை?’ என்று கேட்டுவிட்டு, நான் பதில் எழுதும் முன்பே அதை அழித்துவிட்டாள்.

ராத்தாவிடம் சொன்னேன். அவள் போனை வாங்கி அந்த நான்கு விநாடியை இரண்டு தரம் பார்த்தாள்.

“மாமிக்குப் போயிரிக்குமா?”

“போகாம இரிக்காது ராத்தா.”

வியாழன் காலை எட்டரைக்கு வாசல் படலை திறந்தது. மாமி சலாம் சொன்னார். செருப்பை ஓரமாகச் சேர்த்துக் கழற்றினார். தண்ணீர் வேண்டாம் என்றார்.

“கையக் காட்டு.”

ராத்தா இரண்டு கையையும் நீட்டினாள். மாமி அவற்றைப் பிடித்து, நான் சாரியை வீடியோ எடுக்கும் அதே ஜன்னலுக்குக் கொண்டுபோனார். உள்ளங்கையைப் பார்த்தார். புரட்டி ஒவ்வொரு விரல் நகமாகப் பார்த்தார். நகத்தின் அடிப்பாதி வெளுத்திருந்தது. நுனிப்பாதியில்தான் பழைய சிவப்பு.

“பாதி வளந்துட்டு. இது நோன்புப் பெருநாளைக்கு வெச்சது.”

“பிழை என்னில மாமி,” என்றேன். “பழைய வீடியோவை வெட்டி ஒட்டினது நான்தான். ராத்தாவுக்கு ஒண்டும் தெரியா.”

“எனக்கு விளங்குது புள்ள. ஊருக்கு நகத்தையா காட்டித் திரியிற?”

மாமி ராத்தாவின் கையை இன்னும் விடவில்லை.

“நிப்பாட்டினா, பிழை செஞ்சதாலதான் நிப்பாட்டினாங்க எண்டு கதைப்பாங்க. எடு அந்தப் போனை. என்ட கையை எடு.”

வெள்ளைத் தாளை வைத்தேன். மாமியின் கை துணிக்குள் போனது. நரம்பு எழும்பிய, வளையல் இல்லாத கை. வலக்கைப் பெருவிரலில் தேங்காய் திருகும்போது பட்ட பழைய வெட்டுத் தழும்பு. ‘கொஞ்சம் மெதுவா மாமி’ என்றேன். அவர் துணியைப் பிடித்த பிடியில் கரை இழுபட்டு வளைந்தது.

“எழுது,” என்றார். “முந்திப் போட்டது பழைய வீடியோ. இது மாமிட கை. ஓடர் அஸருக்கு முதல்.”

எழுதினேன். ஒன்பதேமுக்காலுக்குப் போட்டேன்.

மாமி போகவில்லை. கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தரம் போன் அதிரும்போதும், “ஆரு? வாசி,” என்றார். வாசித்தேன். விலகிய ஆறு பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். புதிதாகப் பதினொரு பேர். சில பெயர்களைக் கேட்டதும் மாமி உதட்டைச் சுழித்தார். “இவளும் வாங்கிறாளா? செவ்வாய்க்கிழமை இவதான் எனக்கு அனுப்பினவ.”

ராத்தா அறைக்குள் இருந்தாள். சிரித்தாளா என்று பார்த்தேன். இல்லை.

அஸர் பாங்கு சொன்னதும் ஓடரை மூடினேன். நிறம், எண்ணிக்கை, பெயர் என்று பட்டியல் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினேன். வியாபாரம் தப்பிவிட்டது. மாமி எழும்பிப் போவார் என்று நினைத்தேன்.

“பழசெல்லாம் எங்க இரிக்கி?”

“போனில மாமி.”

“அவட கை வாற எல்லாத்தையும் அழி. எனக்குக் காட்டிக் காட்டி அழி. இனி என்னைக் கேக்காம ஒண்டும் போடப்படாது.”

“இத்தா முடியும் வரைக்கும்தானே மாமி?” ராத்தா உள்ளேயிருந்து கேட்டாள். அன்று முழுவதும் அவள் மாமியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மாமி என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அழி மகள்.”

முப்பத்தொரு வீடியோ. ஒவ்வொன்றாகத் திறந்தேன். மாம்பழ மஞ்சளில் ராத்தாவின் கை, குரக்கன் நிறத்தில் ராத்தாவின் கை, கத்தரிப்பூ நிறத்தில். ஒவ்வொன்றும் முடியும்வரை மாமி பார்த்தார். பிறகுதான் தலையை அசைத்தார்.

எல்லாவற்றுக்கும் என் கணினியில் ஒரு பிரதி வைத்திருப்பேன். மாமிக்கு அது தெரியாது. ராத்தாவுக்குத் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கையையும் முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.