களப்பணி என்று இருந்த இடத்தில்

ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் அளவு நாடாவை விட்டுக்கொண்டே போனால், அதன் முனை தண்ணீரைத் தொட்டதும் மேலே கையில் இருக்கும் பெட்டி 'கீ' என்று கத்தும். வெண்மதிக்குப் படித்த படிப்பில் மிச்சமாக நின்றது அந்தச் சத்தம்தான். சிதம்பரத்தில் நிலவியல் படித்த காலத்தில், மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றி ஊர் ஊராகப் போய் நீர்மட்டம் அளந்தாள். வெயில், நாய், "என்னா பாப்பா, தண்ணி இருக்கா?" என்று கேட்கும் விவசாயிகள். பிறகு கல்யாணம். பிறகு நெய்வேலி.

இப்போது அவள், சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் சாதிக் அலி என்கிற காண்ட்ராக்டரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்கு வருகிறவர்களுக்கு கேட் பாஸ் விண்ணப்பம் அடிப்பது அவள் பொறுப்பு. வெல்டிங் வைக்கிறவர் வந்தாலும், கன்வேயர் பெல்ட் ஒட்டுகிறவர் வந்தாலும், பட்டியலில் பெரும்பாலும் 'ஹெல்பர்' என்றுதான் இருக்கும். அவளும் அப்படியே அடிப்பாள். யாரும் கோபப்படுவதில்லை. பாஸில் இருக்கும் பேர் வேறு, கை செய்யும் வேலை வேறு என்பதை மழை வெயிலைப் போல எடுத்துக்கொள்ளப் பழகியவர்கள். அவள் கணவன் அருண்குமார் நல்ல ஃபிட்டர். அவன் பாஸிலும் ஹெல்பர்தான். அதை அடித்ததும் அவள்தான்.

கோயம்புத்தூரில் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் கம்பெனி ஒன்றுக்கு, சென்னை ஏஜென்சி வழியாக அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஏஜென்சியில் ஆள் எடுக்கும் பிரவீன்குமார் வீடியோவில் நேர்காணல் ஏற்பாடு செய்தான். ஆஃபர் லெட்டர் வந்தது. பதவி: கள நிலவியலாளர். வேலை: நீர்மட்டம் அளப்பது, பம்பு போட்டுக் கிணற்றின் சுரப்பைச் சோதிப்பது, அறிக்கை எழுதுவது. 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அன்றைக்கே மெயில் போட்டாள். சாதிக் அலியிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னாள்.

"கோயம்புத்தூர்ல தெருவுக்குத் தெரு பம்பு கம்பெனிதான். எனக்கும் எதனா மாட்டும்," என்று அருண்குமாரும் கிளம்பத் தயாராகிவிட்டான்.

அடுத்த வாரம் ஆபீஸில் இருக்கும்போது பிரவீன்குமார் போன் செய்தான்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். உங்க டெசிக்னேஷன் மட்டும் கொஞ்சம் மாறுதுங்க. கிளையண்ட் கோஆர்டினேட்டர்னு வரும். சம்பளம் அதேதான். ஓகேங்களா?"

"பரவாயில்ல சார், பேர்தானே," என்றாள் வெண்மதி.

வேறு ஊர்க்காரி ஒருத்தி அங்கேயே நிறுத்திக் கேட்டிருப்பாள். வெண்மதிக்கு அது தோன்றவில்லை. பேர் என்பது பாஸில் அடிப்பது, வேலை என்பது உள்ளே போனபின் நடப்பது. தினமும் தன் விரலாலேயே அடித்துப் பழகிய நம்பிக்கை.

சாயங்காலம் திருத்திய லெட்டர் வந்தது. பக்கத்து நாற்காலி ஷமா எட்டிப் பார்த்துப் படித்தாள். வாடிக்கையாளர்களுக்கு போன் செய்வது, டெண்டர் விசாரணைகளைத் தொடர்வது, மாத இலக்கை எட்டுவது. கிணறு என்ற சொல்லே இல்லை. மேலே மெயிலில், 'போனில் பேசி நீங்கள் சம்மதித்தபடி' என்று ஒரு வரி. மறுநாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தான்.

"ஏய், உன்னை போன் பேசறதுக்கு எடுத்துக்கினு போறாங்கடி! அதுக்கு என்னை எடுத்திருக்கலாமே, சும்மாவே பேசிக்கினுதானே இருக்கேன்," என்றாள் ஷமா. வெண்மதி சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலை இறக்கினாள். "கையெழுத்து போட்டுட்டியா?"

"இல்ல."

"போடாத. முதல்ல எழுதிக் கேளு. போன்ல கேட்டா அவன் திரும்பவும் உன்கிட்ட ஓகே வாங்கிடுவான்."

வீட்டில் அருண்குமார் வேறு மாதிரி சொன்னான்.

"உள்ள போயிடு வெண்மதி. போயி ஆறு மாசம் இருந்தா அவனுங்களே ஃபீல்டுக்கு அனுப்புவானுங்க. நான் இல்ல? பேருக்கு ஹெல்பர், வேலையெல்லாம் யாரு பாக்கறா?"

"வேலையாவது உங்களுக்குக் கைல இருக்குங்க. எனக்கு அதுவும் இருக்காது. போனவருஷம் ஓசூர்ல ஃபிட்டர் வேலைக்குப் போனீங்களே, என்ன கேட்டாங்க?"

அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தான். ஓசூரில் அவன் கையைப் பார்க்கவில்லை. அனுபவச் சான்றிதழைத்தான் பார்த்தார்கள். அதில் ஹெல்பர் என்று இருந்தது.

"அதுக்கு இப்ப இன்னாங்கற," என்றான். "அதையும் நீதானே அடிச்ச."

அந்த வார்த்தை விளையாட்டாகத்தான் வந்தது. ஆனாலும் அவள் எழுந்து போய், போனை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள்.

அவள் மெயில் எழுதினாள். நான்கு முறை திருத்தினாள். கோபம் இருந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டாள். மிஞ்சியது இவ்வளவுதான்:

'கள நிலவியலாளர் பதவியை, அந்த லெட்டரில் கண்ட பணிகளுக்காக நான் எழுத்தில் ஏற்றுக்கொண்டேன். இன்று போனில் பதவியின் பெயர் மட்டும் மாறுவதாகச் சொன்னீர்கள், அதற்குத்தான் சம்மதித்தேன். திருத்திய லெட்டரில் பணிகளே மாறியிருக்கின்றன. அவற்றுக்கு நான் சம்மதிக்கவில்லை. முதல் ஆஃபர் இன்னும் நிற்கிறதா என்று தெரிவிக்கவும். மாற்றம் தற்காலிகம் என்றால், களப்பணி எப்போது தொடங்கும் என்பதை லெட்டரில் சேர்த்துத் தரவும். பதில் வரும்வரை கையெழுத்திடாமல் வைத்திருக்கிறேன்.'

இரண்டு லெட்டரையும் இணைத்து அனுப்பினாள்.

பதில் எழுத்தில் வரவில்லை. மறுநாள் போன் வந்தது.

"மேடம், என்ன இவ்ளோ ஃபார்மலா எழுதிட்டீங்க! ஃபீல்டு புராஜெக்ட் தள்ளிப்போயிருச்சுங்க. நீங்க ஜாயின் பண்ணுங்க, ஆறு மாசத்துல மாத்திருவாங்க. நான் பேசறேன்ல."

"சந்தோஷம் சார். அந்த ஆறு மாசத்த லெட்டர்ல போட்டுக் குடுக்க முடியுமா?"

போனில் யாரோ டீ கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்படியெல்லாம் போட மாட்டாங்க மேடம். கம்பெனி பாலிசி."

"நீங்க கேட்டுப் பாத்தீங்களா சார்?"

"கேட்டேங்க," என்றான். பிறகு, கொஞ்சம் மனிதக் குரலில், "அந்த போஸ்ட்டே இப்ப இல்லைங்க மேடம். என்கிட்டயும் நேத்துதான் சொன்னாங்க."

நன்றி சொல்லி வைத்தாள். நம்பிக்கை என்பது பொய்யாலேயே நின்றுகொண்டிருக்கும். உண்மை வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய்விடும். சாயங்காலம் இன்னொரு மெயில் போட்டாள்: திருத்திய பதவியை ஏற்கவில்லை, களப்பணி இடம் திறந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருவேன். கடைசி இரண்டு சொற்கள் தேவையில்லை. ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை.

அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. துணிச்சல்காரிக்கு மறுநாள் சாதிக் அலி முன்னால் போய் நிற்கக் கால் கூசியிருக்காது.

"பாய், நான் வேலைய விட்டு நிக்கல. இங்கயே இருந்துக்கலாமா?"

"ஒன் சேரை எவனும் தூக்கிக்கினு போவலம்மா," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "புது ஆளுங்க வந்துகினு இருக்காங்க. உக்காரு."

முதலில் வந்தவரிடம் அவள் கேட்டாள்: "என்ன வேலைங்க செய்வீங்க?"

"வெல்டருங்க."

பட்டியலில் ஹெல்பர் என்று இருந்தது. அவள் பாயைப் பார்த்தாள். பாய், "காண்ட்ராக்ட்ல அந்தப் பேருக்குத்தாம்மா இடம் இருக்குது," என்றார். அடித்தாள். விரல் ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான்.

வேலை முடிந்து ஸ்கூட்டியில் திரும்பும் வழியில், சாலையோரப் புதருக்குள் நீர்மட்டம் பார்ப்பதற்காக நட்ட இரும்புக் குழாய் ஒன்று, மூடி போட்டுப் பூட்டியபடி நிற்கும். தினமும் கடந்து போவதுதான். அன்று வண்டியை நிறுத்தி இறங்கினாள். வெயில் ஏறிய இரும்பில் விரல் மடக்கித் தட்டினாள். உள்ளே எங்கோ ஒலி இறங்கிப் போனது.

தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தட்டிப் பார்த்தால் தெரியாது. அதற்கு நாடா வேண்டும், பூட்டுக்குச் சாவி வேண்டும். அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் குழாயில் காதை வைத்து, பின்னால் ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.