கடைசி வரிசை

செப்டம்பரில் லாக்லன் செத்துப்போனான். நாலுசக்கர பைக் மேட்டிலிருந்து புரண்டு அவன்மேல் விழுந்துவிட்டது, இருபத்தாறு வயது. அன்று சாயங்காலமும் அவன் அப்பா டெஸ்மண்ட் பால் கறந்தார். துக்கம் என்று சொன்னால் மாட்டின் மடி கேட்காது. அம்மா ஐலீன்தான் அந்த மாதத்துப் பக்கத்தோடு பண்ணைக் கணக்கை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். நவம்பரில் அவன் தங்கை மெரிடித் நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து அதைத் திறந்தாள்.

 வங்கியில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது நின்றுபோயிருந்தது. மார்ச் கடைசியில் வங்கிக்காரர் வருவார். அதற்குள் கட்டாவிட்டால் நூற்றறுபது மாடுகளையும் விற்றாக வேண்டும். அப்புறம் தரனாக்கி மலையைப் பார்த்துக்கொண்டு இன்னொருத்தர் பண்ணையில் கூலிக்குக் கறக்க வேண்டியதுதான்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. காலையில் பால் லாரி வந்து தொட்டியைக் காலிசெய்துவிட்டு, இத்தனை லிட்டர் என்று சீட்டு வைத்துவிட்டுப் போகும். அது ஒரு பத்தி. கன்றுகளுக்கு ஊற்றியது இன்னொரு பத்தி. நோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் தொட்டியில் சேரக்கூடாது. ஒரு சொட்டு மருந்து கலந்தாலும் மொத்தப் பாலும் பாழ், அபராதம் வேறு. அதனால் அந்த மாட்டின் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டி, கடைசி வரிசையில் நிறுத்தி, தொட்டிக்குப் போகும் குழாயை எடுத்து வெளியே விட்டுவிட்டுக் கறப்பார்கள். அந்தப் பாலைக் கன்றுகள் குடிக்கும். மருந்துக் கெடு முடிந்ததும் பட்டையை அவிழ்ப்பார்கள்.

நவம்பரில் நாற்பது கன்றுகள் ஒரு நாளைக்கு இருநூறு லிட்டர் குடித்தன. டிசம்பர் கடைசியில் எல்லாம் புல்லுக்குப் போய்விட்டன. அந்தப் பால் இனித் தொட்டிக்கு வரும், ஜனவரிச் சீட்டு நிமிரும் என்று மெரிடித் காத்திருந்தாள். சீட்டு நிமிரவில்லை. எங்கள் பக்கத்தில் பால் குறைந்தால் முதலில் திட்டு வாங்குவது மழை. அவளும் மழையைத் திட்டினாள்.

"என்ன மெரி, உங்க மாடுங்க எல்லாம் ஸ்ட்ரைக்கா?" என்றார் லாரி ஓட்டும் ராவிரி, சீட்டை நீட்டிக்கொண்டே. "பக்கத்துப் பண்ணையிலயும் இதே புல்லு, இதே வானம். அவங்களுக்குக் குறையலையே."

"உங்க மீட்டர்தான் திருடுது."

"திருடுனா நான் இந்த ஓட்டை பூட்ஸையா போட்டிருப்பேன்?"

பிப்ரவரியில் மந்தைச் சோதனைத் தாள் வந்தது. சோதனைக்கு வரும் பெண் சாயங்காலமும் மறுநாள் காலையும் ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அளவி பொருத்தி, எந்த மாடு எத்தனை லிட்டர், மடியில் நோய் உண்டா என்று எழுதிக்கொண்டு போயிருந்தாள். மெரிடித் எல்லா மாட்டின் லிட்டரையும் கூட்டினாள். இரண்டாயிரத்து நானூறு. அன்றைய லாரிச் சீட்டில் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

இருநூற்றுப் பத்து லிட்டர் காம்பிலிருந்து வந்திருக்கிறது, தொட்டிக்கு வரவில்லை. குடிக்கக் கன்றும் இல்லை. ஒரு நாளைக்கு எழுபது டாலர். அந்தப் பணம் இருந்தால் வட்டியே கட்டிவிடலாம்.  

கொட்டகை கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் கழிவுக் குட்டைக்குப் போனாள். சாணத் தண்ணீரின்மேல் வெள்ளையாக ஆடை படிந்து, பால் திரிந்த புளிச்ச நாற்றம் அடித்தது.

அன்று சாயங்காலம் கறவைக் கொட்டகையின் சுவருக்குப் பின்னால் நின்றாள். மாடுகள் வரிசை வரிசையாக ஏறி, பால் கொடுத்துவிட்டு இறங்கிப் போயின. மெஷின் ஓய வேண்டிய நேரத்தில் ஓயவில்லை. குழாயை எடுத்து வெளியே விடும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல். இழவு வீட்டிலும் நாலு வார்த்தை பேசாத மனுஷர், பேசிக்கொண்டிருந்தார்.

"மேல் வேலி பிடுங்கிக்கிச்சுடா. நீ சொன்ன மாதிரியே, அந்தக் கம்பம் உளுத்துத்தான் போச்சு. சரி சரி, சிரிக்காதே."

பிறகு நிறுத்தினார். பதில் வரும் அளவுக்கு நேரம் விட்டார். மெரிடித்தின் முதுகில் ஈரத்துணி போட்டது போலிருந்தது. அவளும் அறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மெஷின் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். மேடையில் பதினாலு மாடுகள், எல்லாவற்றின் காலிலும் பட்டை. பால் தரைக்கால்வாயில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. சுவர்ப் பலகையில் லாக்லனின் கோணல் எழுத்து அழியாமல் இருந்தது: எட்டு எண்கள், ஊசியின் பெயர். எட்டுதான். எட்டு மாட்டின் பட்டை வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தது. மற்ற ஆறும் நேற்று வாங்கியதுபோல் பளிச்சென்ற சிவப்பு.

"அப்பா," என்று, அவர் நின்று கறக்கும் பள்ளத்தில் இறங்கினாள். "இந்த மாட்டுல ஒண்ணுக்குக்கூட நோய் இல்ல. சோதனைத் தாள்ல இருக்கு."

அவர் திரும்பவில்லை. "அவன் கெடு தேதி எழுதலையே."

"ஊசி போட்டு அஞ்சு மாசம் ஆச்சுப்பா."

"அவன் கட்டினது. அவன்தான் அவுக்கணும்."

"எட்டுதான் அவன் கட்டினது. மத்த ஆறு?"

டெஸ்மண்ட் ஒரு காம்பைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "எட்டு மாடு சீக்கிரம் முடிஞ்சிடுதும்மா," என்றார். "இந்தக் கடைசி வரிசையிலதான் அவன் வரான். முடிஞ்சதும் போயிடறான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு கட்டினேன்."

மெரிடித்துக்கு அவரை உலுக்க வேண்டும்போலும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "மாட்டை வித்துட்டா கடைசி வரிசையே இருக்காதுப்பா. அப்ப அவன் எங்க வருவான்?"

அவர் துடைத்த துணியைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, பளிச்சென்ற பட்டைகளை ஒவ்வொன்றாகத் தாமே அவிழ்த்தார். வெளுத்த பட்டைகளிடம் வந்ததும் கை நின்றது. அவற்றில் ஏழு பட்டைகளை அவள் அவிழ்த்தாள். பட்டை இருந்த இடத்தில் மயிர் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. ஊசி போட்ட எட்டு மாட்டின் பாலையும் மாதிரி எடுத்து ராவிரியிடம் கொடுத்தனுப்பினாள். சுத்தம் என்று பதில் வந்த பிறகுதான் குழாய் தொட்டிக்குத் திரும்பியது. எட்டாவதான நாற்பத்தேழாம் எண் மாட்டின் காலைத் தொடப் போனபோது மட்டும் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சீட்டு நிமிர்ந்தது. "ஸ்ட்ரைக் முடிஞ்சுதா?" என்றார் ராவிரி. மார்ச்சில் வங்கிக்காரர் கணக்கைப் புரட்டி, வட்டி வந்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் ஓரத்தில் புதிதாகக் கோடு போட்ட பத்தியில் விரல் வைத்தார். ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர், நாள் தவறாமல்.

"யார் இந்த லாக்லன்? அவருக்கு எதுக்கு இவ்வளவு பால்?"

"அண்ணன்," என்றாள் மெரிடித். "அந்தச் செலவு குறையாது."

கொட்டகையில் அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு மாட்டுக்காக. ஐலீன் ஜன்னலருகே போய் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.