பதினைந்தாம் நாள் கடிதங்கள்

கந்தோரில் ஒருவன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டலாம். நான் லஞ்சம் வாங்கவில்லை, மேசையில் தூங்கவில்லை. ஓடி ஓடி வேலை செய்துதான் கெட்டேன்.

அறுபதுகளில் வவுனியாவில் ஒரு காணிக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். குடியேற்றத் திட்டங்களிலிருந்து வரும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த மேலதிகாரி ஒருநாள் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர்.

"சனத்துக்குக் கெதியாப் பதில் கிடைக்கவேணும். அதுதான் நோக்கம். உம்மாலை எவ்வளவு ஏலும்? நீரே சொல்லும்" என்றார்.

நானே சொன்னேன். பத்து மனுவில் எட்டைப் பதினான்கு நாளுக்குள் முடிக்கிறேன் என்று. அதை எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். மாதக் கடைசியில் அவர் கூப்பிட்டுப் பார்ப்பார்.

முதல் மாதம் ஒழுங்காக உழைத்து ஆறுதான் முடிந்தது. அவர் ஏசவில்லை. ஆறு என்று எழுதி அதன் கீழே ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு என்னை இருக்கவிடவில்லை. சாப்பிடும்போதும் நாள் எண்ணினேன்.

பிறகு எனக்குப் புத்தி வந்தது. நாசமாய்ப் போன புத்தி. பதினைந்தாம் நாளில் முடித்தாலும் தோல்விதான், நூறாம் நாளில் முடித்தாலும் தோல்விதான். அப்படியென்றால் நாள் கடந்த மனுவில் ஏன் மினைக்கெட வேண்டும்? அவற்றை அலுமாரியின் அடித்தட்டுக்குத் தள்ளிவிட்டுப் புதியவற்றையும் சுலபமானவற்றையும் எடுத்தேன். எட்டு வந்தது. பிறகு ஒன்பது. மற்றவர்களை என்னிடம் கேட்டுப் படிக்கச் சொன்னார் மேலதிகாரி.

அந்த அடித்தட்டில் கிடந்த ஒரு மனுவின் சொந்தக்காரி ஒருநாள் நேரில் வந்தா. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேறியவ, புருஷன் இல்லை. பக்கத்துக் காணிக்காரர் விட்டுவிட்டுப் போன வயலை இரண்டு வருஷமாக அவதான் விதைத்து வந்தா. அதைத் தன் பெயருக்குக் கேட்டிருந்தா. வெளிக்கள உத்தியோகத்தர் அறிக்கை அனுப்பப் பிந்தியதால் அந்த மனுவுக்கு நாள் கடந்துவிட்டது.

"ஆறு மாசமாச்சுத் தம்பி. ஓம் எண்டோ இல்லையெண்டோ ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"அக்கா, புதுசா ஒரு மனு எழுதித் தாங்கோ. கெதியா முடியும்."

பொய் சொல்லவில்லை. புது மனுவுக்குப் புது இலக்கம், புதுத் திகதி. அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதித் தந்தா. எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் பிடிபடவில்லை. பழைய மனுவை மூட ஒரு காரணம் வேண்டுமே? "மனுதாரர் இதைக் கைவிட்டார்" என்று எழுதி மூடினேன். பிறகு அடித்தட்டு முழுவதையும் இப்படித்தான் காலி பண்ணினேன்.

எட்டாம் நாள் அவவின் புது மனு காணி யாருக்கு என்று தீர்மானிக்கிற தெரிவுக் குழுவுக்குப் போனது. என் மேசையைத் தாண்டியதால் என் கணக்கில் ஒரு வெற்றி.

அதே வயலைக் கேட்டு ஒரு கடைக்காரரும் எழுதியிருந்தார். அவருடைய மனு அவவின் பழையதற்குப் பிந்தியது, புதியதற்கு முந்தியது. இருவரும் தகுதியானவர்கள் என்றால் முந்திக் கேட்டவருக்குக் கொடுப்பதுதான் குழுவின் வழக்கம். அது எனக்கு நன்றாகத் தெரியும். எழுதச் சொன்னபோது நினைவில் இருந்தது பதினான்கு நாள் மட்டும்தான்.

வயல் கடைக்காரருக்குப் போனது. அவ திரும்பி வந்தா. சத்தம் போடுவா என்று எதிர்பார்த்து எழுந்து நின்றுகொண்டேன்.

"நீங்கள் சொன்னபடிதானே தம்பி எழுதினனான்?" என்று மட்டும் கேட்டா.

பழைய மனுவின் கோவையைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் கடைசித் தாளைப் பார்த்தார்.

"கைவிட்டதெண்டு எழுதிக் கிடக்கு. ஆர் எழுதினது?"

"நான்தான் சேர்."

"அவ அப்பிடிச் சொன்னவவோ?"

"இல்லை, சேர்."

அவர் முகம் கறுத்துப்போனது. குழுவுக்கு எழுதிப் பார்த்தார். காணி கைமாறிவிட்டது, மாற்ற ஏலாது என்று பதில் வந்தது. அவ எழுதிக் கொடுத்த முறைப்பாடும் கணக்கில் ஒரு மனுதான், அதற்கும் பதில் போகவேண்டும். "உமது முதல் மனு கைவிடப்பட்டதாகப் பதிவாகியுள்ளது, ஆகவே..." என்று நானே எழுதினேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டு மூன்றாவதை அனுப்பினேன்.

அந்த மாதக் கடைசியில் பத்துக்குப் பத்து. அவவுக்குப் போன கடிதமும் அந்தக் கணக்குக்குள்தான். பதினோராம் நாளே அனுப்பியிருந்தேன்.