கையெழுத்துப் போடாத செயலாளர்

பத்திரம் எழுதும் அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்தவர் அவர். கணவர் இறந்த பிறகு கடைசி மாடியான ஐந்தாவது மாடி வீட்டில் தனியாக இருந்தார். பத்திரம் படிக்கத் தெரிந்தவர் என்பதால் குடியிருப்போர் சங்கத்துக்கு அவரையே செயலாளர் ஆக்கியிருந்தார்கள். இருபது வீடுகள், லிஃப்ட் பழுதாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்க ஒரு கம்பெனி கேட்டு வந்தது. மாத வாடகை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உயர்வு, முன்பணம். அந்தப் பணத்தில் லிஃப்டைச் சரி செய்துவிடலாம் என்று எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. நாலாவது மாடிப் பொருளாளருக்குத்தான் ரொம்ப அவசரம். சக்கர நாற்காலியில் இருக்கும் அவர் மனைவி ஆறு மாதமாக வாசலைத் தாண்டவில்லை.

செயலாளர் மட்டும் தயங்கினார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மழைக்காலத்துக்கு முன் அவர் படுக்கையறை உத்தரத்தில் ஒரு விரிசல் விட்டது. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வெளிநாட்டு மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். விரிசல் தெரிந்தால் எவன் வாங்குவான்? பட்டி பூசி, வெள்ளையடித்து மறைத்துவிட்டார். கம்பெனி டவருக்குக் குறித்த இடம் அந்த உத்தரத்துக்கு நேர் மேலே.

கம்பெனி ஆள் ஒப்பந்தத்தோடு சங்க அறைக்கு வந்தார். பொருளாளரும் உடன் இருந்தார். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பதினைஞ்சு வருஷம். நீங்க ஒரு மாச நோட்டீஸ்ல போயிடலாம். நாங்க மட்டும் நடுவுல போகச் சொல்ல முடியாதா?"

"எல்லா இடத்துலயும் அப்படித்தான் மேடம்."

"எப்ப வேணா உங்க ஆளுங்க மாடிக்கு வரலாம்னு இருக்கே?"

"பழுது வந்தா ராத்திரி பகல்னு பாக்க முடியாதுங்களே. வேணும்னா அடையாள அட்டை காட்டி, வாட்ச்மேன் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு ஏறட்டும்."

"கதிர்வீச்சு?"

"அரசாங்க அளவுக்குள்ளதான் இருக்கும், சான்றிதழ் தருவோம். ஆன்டெனாவுக்கு முன்னாடி யாரும் போகாம வேலி போட்டுடுவோம். இடிதாங்கியும் எங்க பொறுப்பு."

"கழட்டிட்டுப் போறப்ப? அடித்தளத்தை உடைச்சு, ஒழுகாம பூசித் தர்றது யாரு? அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

கம்பெனி ஆள் தலையைச் சொறிந்தார். எழுதிக்கொள்ளச் சொன்னார் செயலாளர்: ஒப்பந்தம் முடிந்து அறுபது நாளில் அகற்ற வேண்டும், அதுவரை வாடகை ஓடும், தளம் பழையபடி ஆக வேண்டும். வேறு கம்பெனி ஆன்டெனாவை ஏற்றினால் எடையை மறுபடி கணக்கிட்டு, சங்கத்திடம் கேட்டுச் செய்ய வேண்டும். அதற்கெல்லாம் கம்பெனி ஆள் சம்மதிப்பது போலத் தலையாட்டினார்.

"அப்புறம் என்னக்கா, கையெழுத்துப் போட்டுடலாம்ல?" என்றார் பொருளாளர்.

"கட்டிடம் தாங்குமான்னு சான்றிதழ்?"

"எங்க இன்ஜினியரே குடுத்துட்டாரு மேடம்" என்று ஒரு தாளை நீட்டினார் கம்பெனி ஆள். அவர்கள் இன்ஜினியர் மொட்டை மாடிக்கு மட்டும் வந்து போயிருந்தார். எந்த வீட்டுக்குள்ளும் வரவில்லை.

செயலாளர் பேனாவை எடுத்தார். தன் ஒரு கையெழுத்தில் இருபது வீடும் இருப்பது போலத் தோன்றியது. வாயைத் திறந்தால் லிஃப்டும் போகும், வீட்டு விலையும் போகும். பேனாவை மூடினார்.

"என் வீட்டு உத்தரத்துல விரிசல் இருக்கு. நான்தான் மறைச்சு வெச்சேன். நாமளா ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து பாத்துட்டுதான் போடுவேன்."

பொருளாளர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சங்கம் அழைத்து வந்த இன்ஜினியர் ஒரு பெண். ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டினார். ஒரு இடத்தில் கணீரென்று கேட்டது, பக்கத்திலேயே பொத்தென்று கேட்டது. அங்கே கொத்தியதும் பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி, பாதி கனம்கூட இல்லை.

"இந்த ரூம்ல படுக்காதீங்கம்மா. மேல தண்ணித் தொட்டியையும் இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்க. டவரையெல்லாம் நினைச்சே பாக்காதீங்க."

அன்று மாலைக்குள் உத்தரத்துக்குக் கீழே இரும்பு முட்டுகள் வந்தன. கம்பெனி அடுத்த தெருவில் வேறு கட்டிடம் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு பங்கு போட்டு உத்தரத்தைச் சரி செய்ய நாலு மாதம் ஆனது. லிஃப்ட் ஓட இன்னும் ஐந்து மாதம். சிலர் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். "ரெண்டு வருஷம் எங்க தலை மேல வெச்சிருந்தீங்களே" என்று நேராகவே கேட்டாள் மூன்றாவது மாடிக்காரி. வீட்டை விற்பதும் நின்றுபோனது.

பொருளாளர் மட்டும் ஒரு நாள் படியில் நின்று பேசினார்.

"அந்த உத்தரம் எங்க வீட்டுக்கும் மேலதான்க்கா. அவளால எழுந்து ஓடக்கூட முடியாது. அதை நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு உதறுது."

"எனக்கும்தான்" என்றார் செயலாளர்.

முட்டுகளை எடுத்த பிறகும், மழை பலமாகப் பெய்தால், அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுகிறார்.