சோறு மட்டும் வேண்டாம்

எங்கள் வீட்டில் டப்பா கட்டுவது நான்தான். மனைவிக்கு வேலூர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. ராணிப்பேட்டையிலிருந்து விடிந்தும் விடியாமல் பஸ் ஏறிவிடுவாள். எனக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன், எட்டரைக்கு உள்ளே போனால் போதும். ஆகவே ஒன்பதாவது படிக்கும் மகளுக்குத் தலை பின்னிவிடுவதும் சமைத்துக் கட்டுவதும் என் பொறுப்பு. தலை பின்னுவது இன்றைக்கும் கோணல்தான். ஆனால் என் தக்காளி சாதத்தைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. திங்கள் தக்காளி, செவ்வாய் எலுமிச்சை, புதன் புளி என்று ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமையானால் குஸ்கா. தொட்டுக்கொள்ள ஒரு சிப்ஸ் பாக்கெட்.

போன வருஷம் மகள் பள்ளியின் கோ-கோ அணியில் சேர்ந்தாள். மண்டலப் போட்டிக்காகத் தினமும் சாயந்திரம் பயிற்சி. அப்போதுதான் அவர்களுடைய பி.டி. மிஸ் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஒரு பக்கம், தமிழில், நன்றாகத்தான் எழுதியிருந்தார். தண்ணீர் பாட்டில் கட்டாயம். பயிற்சிக்கு முன்னால் சாப்பிட வாழைப்பழமோ கடலை உருண்டையோ சின்ன டப்பாவில் தனியாக. முட்டை, சுண்டல், பயறு, தயிர், காய் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘விளையாடும் பிள்ளைகளுக்கு மதியம் சோறு மட்டும் வேண்டாம்.’

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாங்கள் பொங்கிப் போடுகிற சோற்றை வேண்டாம் என்று சொல்ல இவர் யார்?

“சோறு வேணாமாம். அப்ப இன்னா, தினமும் கறியும் மீனுமா கட்டி அனுப்பணுமா?” என்று மனைவியிடம் கத்தினேன்.

“ஏங்க, எங்கிட்ட ஏன் கத்துறீங்க? ஆட்டத்த சொல்லிக்குடுக்கறவங்களுக்குத் தெரியாதா? அவங்க சொல்றத செய்யுங்க” என்றாள் அவள். அவளுக்குப் படித்தவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும், மறுபேச்சு கிடையாது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் அங்கே அதற்குள் போட்டி ஆரம்பமாகிவிட்டது. ஒரு அம்மா அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் படம் எடுத்துப் போட்டார். இன்னொருவர் பனீர் வறுவல் போட்டார். ‘எங்க வீட்ல சோறு கட்’ என்று ஒரு அப்பா பெருமையாக எழுதினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சோறு வேண்டாம் என்றால் ஒரு பருக்கை கூட இருக்காது பார் என்று, மறுநாள் முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் வெள்ளரித் துண்டும் அடுக்கினேன். நானும் ஒரு படம் போட்டேன். ஏழெட்டு கைத்தட்டல் விழுந்தது.

முதல் நாள் மகளுக்கும் குஷிதான். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்ததும் புத்தகப்பையைக் கூடக் கழற்றாமல் சோற்றுப் பானையைத் திறந்தாள். வெறும் சோற்றில் மோரை ஊற்றி நின்றபடியே சாப்பிட்டாள். “சுண்டல் ஜாஸ்தியா இருந்துச்சுப்பா, பாதிலேயே தெகட்டிடுச்சு” என்றாள். வளர்கிற பிள்ளை, பசிக்கத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அழுதுகொண்டே வந்தாள். அவள் எளிதில் அழுகிறவள் இல்லை. முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தபோதுகூட மண்ணைத் தட்டிவிட்டு ஓடியவள். என்னவென்று கேட்டால் விக்கிக்கொண்டே சொன்னாள். துரத்தும் அணியில் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னாலிருந்து ‘கோ’ கொடுத்திருக்கிறார்கள். எழுந்து பாய வேண்டியவளுக்குக் கால் எழவே இல்லையாம். எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

“நாளைக்கும் இப்டியே இருந்தா ஜோனல்ஸ்ல எக்ஸ்ட்ராவாதான் உக்கார வெப்பேன்னு மிஸ் சொல்லிட்டாங்கப்பா. மொத ஒம்பது பேர்ல நான் இருக்க மாட்டேன்.”

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் பர்மிஷன் சொல்லிவிட்டு, கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நேராகப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். பயிற்சி தொடங்கவில்லை. பிள்ளைகள் வேப்பமர நிழலில் துவண்டு கிடந்தார்கள். மிஸ் நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. கழுத்தில் விசில், வெயிலில் கறுத்த முகம்.

“நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்சேன் மிஸ். இப்ப என் பொண்ணு எழுந்து நிக்க முடியலன்றா. அவளப் போயி எக்ஸ்ட்ரால உக்கார வெக்கறீங்களே, இது நியாயமா?” என்று எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் பதறவில்லை. “மதியம் இன்னா சார் குடுத்தனுப்பினீங்க?”

“முட்டை, சுண்டல், வெள்ளரிக்கா.”

“சரி சார். சோறு?”

“நீங்கதான வேணாம்னு எழுதினீங்க!”

“நான் எங்க சார் எழுதினேன்?”

கடிதத்தை விரித்து, விரலை வைத்து அழுத்திப் படித்தேன். “சோறு மட்டும்... வேண்டாம்! இதுக்கு இன்னா அர்த்தம்? எத வேணா குடு, சோத்த மட்டும் குடுக்காத. அதானே?”

அவர் காகிதத்தை வாங்கி அதே வரியைப் படித்தார். “சோறு மட்டும் வேண்டாம் சார். வெறும் சோறா வேண்டாம், கூட ஏதாவது வைங்கன்னு...” பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் மரத்தடிப் பக்கம் திரும்பி, “இந்த வாரம் யார் யாரு டப்பால சோறு வந்துச்சு? கை தூக்குங்க” என்றார்.

ஒரு கைகூட எழவில்லை.

“ஐயோ கடவுளே! நாலு நாளா எல்லாரும் சுருண்டு சுருண்டு விழுறாங்க, ஏதோ ஜுரம் சுத்துதுன்னு நெனச்சுட்டு இருக்கேன் சார்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “ஓடுற தெம்பே சோத்துலதான் இருக்கு. முட்டையும் பயறும் ஒடம்பு தேற. ரெண்டும் வேணும். சோத்த நிறுத்திட்டா எதுல சார் ஓடுவாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொண்டு வந்தவன் சிரிக்கக் கூடாது என்று அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். அன்று பயிற்சி கிடையாது என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் வாழைப்பழம் வாங்கிவரச் செய்து ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். கடிதத்தைத் திருத்த நானும் கூடவே உட்கார்ந்தேன். மிஸ் நீளமாக விளக்கம் எழுதப் போனார். “வேணாம் மிஸ், மறுபடியும் எதனா பேஜாராயிடும். ‘வேண்டாம்’ எடுத்துட்டு ‘போதாது’ன்னு போடுங்க” என்றேன். ‘சோறு மட்டும் போதாது’ என்று குழுவில் போனது. அன்று சாயந்திரமே முட்டைப் படங்கள் நின்றுவிட்டன.

அடுத்த வாரம் முழுக்க சோறும் முட்டையும், சோறும் பச்சைப்பயறும், சோறும் கீரைக் கூட்டும் கட்டினேன். சிப்ஸ் நின்றது. நாலு மணிக்கென்று சின்ன டப்பாவில் கடலை உருண்டை. மண்டலப் போட்டியில் மகள் முதல் ஒன்பதில் இருந்தாள். இரண்டாவது இன்னிங்ஸில் அவள் ஓட இறங்கினாள். கூட இறங்கிய இருவரும் தொடப்பட்டு வெளியேறினார்கள். இவள் மட்டும் கம்பத்தைச் சுற்றி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, விசில் ஊதும்வரை யார் கையிலும் சிக்கவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

மிஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். “முன்னாடியெல்லாம் மொத இன்னிங்ஸ் பறப்பா சார். ரெண்டாவதுல தானா வந்து மாட்டிக்குவா. ஒரு நாள் அவ டப்பாவ தொறந்து பாத்தேன். தக்காளி சாதமும் சிப்ஸும் இருந்துச்சு. நல்ல வாசனை” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “அவள பாத்துதான் சார் நான் அந்த லெட்டரே எழுதினேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை எந்த இடத்தில் தளர்கிறாள் என்று கவனித்துப் பார்க்க எனக்கு முன்பே ஒருவர் இருந்திருக்கிறார். அதற்குள் மகள் மூச்சு வாங்க ஓடிவந்து, “பாத்தியாப்பா?” என்றாள்.

“பாத்தேன்டா கண்ணு, இப்பத்தான் பாத்தேன்” என்றேன்.